திருமணத்துக்குப் பிறகு சம்பளம், காப்பீடு, பணிப்பதிவேட்டில் பெயரும் மண விவரமும் மாற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

திருமணம் முடிந்து வேலைக்குத் திரும்பும் பலர், புதிய பெயரில் அடையாள அட்டை கைக்கு வரட்டும், எல்லாவற்றையும் சேர்த்து ஒரே விண்ணப்பமாகக் கொடுத்துவிடலாம் என்று காத்திருக்கிறார்கள். அட்டை வர ஒன்றிரண்டு மாதம் ஆகிவிடுகிறது. அதற்குள் கணவரையோ மனைவியையோ அலுவலக மருத்துவக் காப்பீட்டில் சேர்ப்பதற்கான கெடு முடிந்துபோகிறது. அதைத் தவறவிட்டால், பெரும்பாலும் பாலிசி புதுப்பிக்கும் நாள் வரை பொறுத்திருக்க வேண்டியதுதான்.

மண நிலை மாறுவது வேறு, பெயர் மாறுவது வேறு. மண நிலை திருமண நாளிலேயே மாறிவிடுகிறது. காப்பீட்டுக் கெடுவும் அன்றிலிருந்துதான் ஓடும். பெயரோ, அதை மாற்றியதற்கான ஆவணம் கிடைத்த பிறகுதான் அலுவலகத்தைப் பொறுத்தவரை மாறும். இரண்டுக்கும் தேதி வேறு, ஆதாரம் வேறு, போய்ச் சேரும் மேசையும் வேறு. அதனால் இரண்டு விண்ணப்பங்களாகக் கொடுங்கள். மண நிலை விண்ணப்பத்தைப் பழைய பெயரிலேயே உடனே கொடுத்துவிடலாம். திருமணச் சான்றிதழில் உங்கள் பழைய பெயர் இருக்கும் என்பதால் அலுவலகப் பதிவோடு அது பொருந்தியே போகும். பெயரை மாற்றிக்கொள்ளப் போவதில்லை என்றால் அந்த ஒரு விண்ணப்பமே போதும்.

முதலில், இப்போது எந்தப் பதிவில் என்ன பெயர் இருக்கிறது?

விண்ணப்பம் எழுதுவதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கி, உங்கள் பெயர் எங்கெங்கே எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். சம்பளச் சீட்டு, வருமான வரிப் பதிவு, சம்பளம் வரும் வங்கிக் கணக்கு, சேமநிதி அல்லது ஓய்வூதியக் கணக்கு, மருத்துவக் காப்பீட்டு அட்டை, குழு ஆயுள் காப்பீட்டின் நாமினி படிவம், பணிப்பதிவேட்டின் முதல் பக்கம் ஆகிய ஏழையும் பார்த்தால் போதும். ஒவ்வொன்றிலும் உள்ளதை எழுத்து மாறாமல், புள்ளியும் இடைவெளியும் உட்படக் குறித்துக்கொள்ளுங்கள்.

தமிழ்ப் பெயர்களில் இந்த வேலையைத் தவிர்க்கவே முடியாது. நமக்கு இனிஷியல் என்பது தந்தை பெயரின் முதலெழுத்து. ஆனால் பெரும்பாலான சம்பள மென்பொருள்களில் முதற்பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும், இரண்டையும் நிரப்பியாக வேண்டும். தரவு உள்ளிட்டவர் இனிஷியலை ஒரு இடத்தில் முன்னே போட்டிருப்பார், இன்னொரு இடத்தில் பின்னே போட்டிருப்பார், மற்றோர் இடத்தில் விரித்தே எழுதியிருப்பார். எடுத்துக்காட்டுக்கு, தந்தை பெயர் சுந்தரம் என்று உள்ள மீனா என்ற ஊழியரை எடுத்துக்கொள்வோம். பணிப்பதிவேட்டில் அவர் 'எஸ். மீனா', சம்பளச் சீட்டில் 'மீனா எஸ்', வங்கியில் 'மீனா சுந்தரம்'. மூன்றும் ஒருவரே என்பது மனிதருக்குத் தெரியும். எழுத்தை எழுத்தோடு ஒப்பிடும் கணினிக்கு அவர்கள் மூன்று பேர்.

இந்தப் பழைய குழப்பம் இருக்கும்போதே புதுப் பெயரைப் புகுத்தினால் நான்காவது வடிவம் ஒன்று உருவாகும். ஆகவே விண்ணப்பத்தில் 'பழைய பெயர்' என்று ஒன்றை மட்டும் எழுதாமல், ஒவ்வொரு பதிவிலும் இப்போது உள்ள வடிவத்தைத் தனித்தனியாகக் காட்டுங்கள். மாற்றத்தைப் பதிகிறவருக்கும் எதைத் தேடி எதை மாற்றுவது என்று அப்போதுதான் தெரியும்.

புதிய பெயரின் இறுதி வடிவத்தையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். கணவர் பெயரை இனிஷியலாக வைப்பதா, முழுதாக எழுதுவதா, எது முன்னே, எது பின்னே? கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள், அல்லது எடுக்கப் போகிறவர்கள், அதில் வரப்போகும் வடிவத்தையே எல்லா இடத்துக்கும் அளவுகோலாக வைத்துக்கொள்வது நல்லது. கடவுச்சீட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் வரியில் பெயருக்கு 39 இடங்கள்தான் உண்டு; மிக நீளமான பெயர் அங்கே வெட்டுப்படும். சம்பளச் சீட்டு, வங்கிக் கட்டங்களுக்கும் இப்படி எல்லை உண்டு. இனிஷியலை விரித்து எழுதுவதே பாதுகாப்பு என்பது என் கருத்து. 'ஆர்' என்ற ஓர் எழுத்து ராகவனா, ராஜனா என்று பின்னால் யாராவது கேட்பார்கள். முழுப் பெயர் இருந்தால் அந்தக் கேள்வி எழாது.

முதல் விண்ணப்பம்: மண நிலை

திருமணச் சான்றிதழ் கிடைத்ததும் இதைக் கொடுத்துவிடுங்கள். சான்றிதழ் தாமதமானால், பதிவு செய்ததற்கான ஒப்புகைச் சீட்டை வைத்து விண்ணப்பித்துவிட்டு, சான்றிதழைப் பின்னர் தருவதாக எழுதலாம். பல அலுவலகங்கள் இதை ஏற்றுக்கொள்ளும். கெடுவுக்குள் விண்ணப்பம் வந்து சேர்ந்தது என்பதற்கு நாளும் முத்திரையும், அல்லது பதில் மின்னஞ்சலும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

மீனா எழுதும் விண்ணப்பம் இப்படி இருக்கலாம்:

> பெறுநர்: மேலாளர், மனிதவளப் பிரிவு
> நகல்: சம்பளப் பிரிவு, காப்பீட்டுப் பொறுப்பாளர்
>
> பொருள்: மண நிலை மாற்றம், மருத்துவக் காப்பீட்டில் கணவரைச் சேர்த்தல் – பணியாளர் எண் ……
>
> மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,
>
> எனக்கு மார்ச் 10 அன்று திருமணம் நடைபெற்றது. அந்த நாள் முதல் என் மண நிலையைத் 'திருமணமானவர்' என்று சம்பளப் பதிவிலும் பணிப்பதிவேட்டிலும் மாற்றித் தருமாறும், குழு மருத்துவக் காப்பீட்டில் என் கணவரைச் சார்ந்தவராகச் சேர்க்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். அவருக்குக் காப்பீடு எந்த நாளிலிருந்து நடைமுறைக்கு வருகிறது என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.
>
> என் பெயரில் இப்போது மாற்றம் எதுவும் கோரவில்லை. அதற்கான ஆவணம் கிடைத்ததும் தனியே விண்ணப்பிப்பேன்.
>
> இணைப்பு: திருமணச் சான்றிதழ் நகல், கணவரின் பிறந்த தேதிக்கான சான்று நகல், நிரப்பிய நாமினி படிவங்கள்.

'பெயரில் மாற்றம் கோரவில்லை' என்ற வரியை விட்டுவிடாதீர்கள். திருமணச் சான்றிதழைப் பார்த்ததும், பழக்கத்தினாலோ நல்லெண்ணத்தினாலோ, ஊழியரின் பெயரைத் தாமாகவே மாற்றிவிடும் அலுவலர்கள் உண்டு. வங்கியில் பழைய பெயர் இருக்க, சம்பளக் கோப்பில் மட்டும் புதுப் பெயர் போனால் அந்த மாதச் சம்பளமே திரும்பிவிடலாம்.

காப்பீட்டில் மூன்று தனி வேலைகள்

'இன்சூரன்ஸில் மாற்றிவிட்டோம்' என்று அலுவலகம் சொல்லும்போது எதை மாற்றினார்கள் என்று கேளுங்கள். அதில் மூன்று வேலைகள் இருக்கின்றன: துணைவரைச் சார்ந்தவராகச் சேர்ப்பது, நாமினியை மாற்றுவது, அட்டையில் உங்கள் பெயரை மாற்றுவது. ஒன்றைச் செய்தால் மற்றது தானாக நடக்காது.

துணைவரைச் சேர்க்கத் திருமண நாளிலிருந்து 30 நாள் என்பது குழு மருத்துவக் காப்பீட்டில் பரவலாக உள்ள கெடு. சில பாலிசிகளில் இன்னும் அதிகம், சிலவற்றில் குறைவு. உங்கள் பாலிசியின் விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மீனாவின் கதையில் கணக்குப் போடுவோம். திருமணம் மார்ச் 10. மறுநாளை முதல் நாளாக எண்ணினால் மார்ச் 31 வரை 21 நாள், 30ஆம் நாள் ஏப்ரல் 9. திருமணச் சான்றிதழ் மார்ச் 24 அன்று கிடைத்தது, விண்ணப்பத்தை 25 அன்று கொடுத்தார். புதிய அடையாள அட்டை மே 6 அன்றுதான் வந்தது. அதற்காகக் காத்திருந்தால் கெடு போய் 27 நாள் ஆகியிருக்கும்.

காப்பீடு எந்த நாளிலிருந்து தொடங்கும் என்பதும் பாலிசிக்குப் பாலிசி மாறும். திருமண நாளிலிருந்து என்று சிலவற்றில் இருக்கும், விண்ணப்பம் சேர்ந்த நாளிலிருந்து என்று சிலவற்றில், அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து என்று வேறு சிலவற்றில். முன்தேதியிட்டுத் தொடங்கினால் பிரீமியத்தையும் முன்தேதியிட்டுப் பிடிப்பார்கள். கூடுதல் பிரீமியம் மாதம் 620 என்றும், காப்பீடு மார்ச் 10 முதல் என்றும், முதல் பிடித்தம் ஏப்ரல் சம்பளத்தில் என்றும் வைத்துக்கொள்வோம். மார்ச்சில் 10 முதல் 31 வரை 22 நாள். ஒரு நாளுக்கு 620-ஐ 31-ஆல் வகுத்தால் 20. ஆக மார்ச் நிலுவை 440. ஏப்ரல் சம்பளச் சீட்டில் 620-உடன் 440 சேர்ந்து 1,060 பிடித்தம் இருக்கும். மே முதல் 620 மட்டுமே. ஏப்ரலில் 620 மட்டும் பிடித்திருந்தால் பணம் மிச்சம் என்று மகிழ வேண்டாம். காப்பீடு ஏப்ரல் 1 முதல்தான் தொடங்கியிருக்கிறது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம்.

நாமினி விஷயத்தில்தான் மிகப் பெரிய இழப்பு நேர்கிறது, ஏனென்றால் தவறு தெரியவரும்போது திருத்த வேண்டியவர் உயிரோடு இருப்பதில்லை. வேலையில் சேர்ந்த நாளில் தாயையோ தந்தையையோ நாமினியாகப் போட்டிருப்போம். மண நிலையை மாற்றியதால் அது மாறாது. சில இடங்களின் விதிப்படி, திருமணம் ஆனதும் சேமநிதிக்கான பழைய நாமினி பதிவு செல்லாமலே போய்விடும். வேறு சிலவற்றில் பழையதே தொடர்ந்து செல்லும். இரண்டிலும் தீர்வு ஒன்றுதான்: புதிய படிவம். குழு ஆயுள் காப்பீடு, சேமநிதி, பணிக்கொடை, ஓய்வூதியம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் படிவங்கள் இருக்கும். பெற்றோருக்கும் ஒரு பங்கு கொடுக்க விரும்பினால், விதி இடம் கொடுக்குமிடத்தில் விழுக்காட்டைப் பிரித்து எழுதுங்கள். கூட்டினால் சரியாக 100 வர வேண்டும். வரவில்லை என்றால் படிவம் திரும்பி வரும், அல்லது திரும்பி வராமல் ஏதோ ஒரு கோப்பில் கிடக்கும். பின்னது இன்னும் மோசம்.

இன்னொன்று. மருத்துவமனையில் சேர்ந்திருக்கும்போதோ, செலவுக் கோரிக்கை நிலுவையில் இருக்கும்போதோ அட்டையில் பெயரை மாற்றாதீர்கள். முன் அனுமதி ஒரு பெயரிலும் இறுதி பில் இன்னொரு பெயரிலும் இருந்தால் பணம் நின்றுபோகும். அந்தக் கோரிக்கை முடிந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாம் விண்ணப்பம்: பெயர்

இதற்கு இணைப்பு ஆவணம் வேண்டும். பழைய பெயரையும் புதிய பெயரையும் ஒரே தாளில் காட்டுவதுதான் இணைப்பு ஆவணம். சில இடங்களில் திருமணச் சான்றிதழே அதற்குப் போதும்; சில இடங்களில் அரசிதழ் அறிவிப்போ நீதிமன்ற ஆணையோ கேட்பார்கள். புதிய பெயர் மட்டும் உள்ள அடையாள அட்டையைக் கொடுத்தால், 'இவர் யார்?' என்ற கேள்விதான் வரும்.

வரிசை இதுதான்: அடையாள அட்டை, வரிப் பதிவு, வங்கி, பிறகு அலுவலகம். அலுவலகச் சம்பளப் பிரிவு தன் பதிவை வெளியே உள்ள இரண்டு பதிவுகளோடு பொருத்துகிறது. வரித்துறைக்குக் கணக்குக் கொடுக்கும்போது வரி எண்ணோடு பெயரும் போகிறது. வங்கிக்குச் சம்பளக் கோப்பு அனுப்பும்போது கணக்கு எண்ணோடு பெயரும் போகிறது. வெளியில் மாறாததை உள்ளே மாற்றினால் பொருந்தாது. வங்கிகளில் சில, பெயரைப் பார்க்காமல் எண்ணை வைத்தே பணத்தைச் சேர்த்துவிடும். சில, பெயர் பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பிவிடும். உங்கள் வங்கி எந்த வகை என்பதைச் சம்பள நாளன்று சோதித்துப் பார்க்க வேண்டாம்.

கவனிக்க வேண்டிய மற்றொரு தேதி, சம்பளக் கணக்கு முடிக்கும் நாள். மீனாவின் அலுவலகத்தில் அது ஒவ்வொரு மாதமும் 15. சம்பளம் மாதக் கடைசியில். அட்டை மே 6 அன்று வந்தது, அதே வாரம் வரிப் பதிவு மாறியது, மே 11 அன்று வங்கி மாற்றியது. மே 12 அன்று அலுவலகத்தில் விண்ணப்பித்தார். 15-க்குள் பதிந்துவிட்டார்கள், ஆகவே மே சம்பளம் புதுப் பெயரில் போனது, வங்கியிலும் புதுப் பெயர் இருந்தது. ஒருவேளை வங்கி 14 அன்று மாற்றி, அலுவலகம் 17 அன்று பதிந்திருந்தால், மே சம்பளக் கோப்பில் பழைய பெயரும் வங்கியில் புதுப் பெயரும் இருந்திருக்கும். அப்படி நேரும் என்று தெரிந்தால் சம்பளப் பிரிவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு மாதம் கோப்பில் வங்கிப் பெயரை மட்டும் கையால் திருத்தி அனுப்ப அவர்களால் முடியும்.

விண்ணப்பத்தின் நடுப்பகுதி:

> இணைப்பில் உள்ள ஆவணத்தின்படி என் பெயர் 'மீனா ராகவன்' என மாறியுள்ளது. வரிப் பதிவிலும், சம்பளம் வரவு வைக்கப்படும் வங்கிக் கணக்கிலும் இம்மாற்றம் ஏற்கெனவே செய்யப்பட்டுவிட்டது (நகல்கள் இணைப்பில்). கீழ்க்கண்ட பதிவுகளில் என் பெயரை இவ்வாறு மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்:
>
> சம்பளப் பதிவு – இப்போது 'மீனா எஸ்'
> மருத்துவக் காப்பீட்டு அட்டை – இப்போது 'மீனா எஸ்'
> சேமநிதிக் கணக்கு – இப்போது 'மீனா சுந்தரம்'
> பணிப்பதிவேடு – இப்போது 'எஸ். மீனா'
>
> முதற்பெயர்: மீனா. கடைசிப் பெயர்: ராகவன்.
>
> என் பணியாளர் எண், பணியில் சேர்ந்த நாள், விடுப்பு இருப்பு ஆகியவற்றில் மாற்றம் எதுவும் இல்லை. இருக்கும் பதிவிலேயே திருத்தம் செய்யுமாறு வேண்டுகிறேன்.

கடைசி வரிக்கு வலுவான காரணம் உண்டு. மென்பொருளில் பெயர்க் கட்டம் பூட்டியிருந்தால், அனுபவம் குறைந்த ஒருவர் பழைய பதிவை மூடிவிட்டுப் புதிய ஊழியராகவே உங்களைச் சேர்த்துவிடக்கூடும். திரையில் பெயர் சரியாகத் தெரியும். ஆனால் விடுப்பு இருப்பு பூஜ்ஜியம், பணியில் சேர்ந்த நாள் இந்த மாதம், ஆண்டு முடிவில் ஒரே வரி எண்ணுக்கு இரண்டு சம்பளச் சான்றிதழ்கள். இரண்டாவது பதிவில் வரிக் கணக்கு புதிதாகத் தொடங்குவதால் பிடித்தம் குறைந்து, ஆண்டுக் கடைசியில் மொத்தமாகக் கட்டவேண்டி வரும். பணிக்கொடைக்கான சேவைக் காலமும் உடைந்துவிடும். முதல் சம்பளச் சீட்டிலேயே இதைக் கண்டுபிடித்துவிடலாம்: பணியாளர் எண் மாறியிருக்கிறதா, ஆண்டு தொடக்கத்திலிருந்து இதுவரையான மொத்தச் சம்பளம் அந்த ஒரு மாதத் தொகைக்குச் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று தென்பட்டாலும் அன்றே எழுதிக் கொடுங்கள். அடுத்த மாதச் சம்பளம் ஓடிவிட்டால் பதிவுகளை இணைப்பது இரு மடங்கு வேலை.

பணிப்பதிவேட்டில் அழிக்கக் கூடாது, சேர்க்க வேண்டும்

சம்பளப் பதிவும் பணிப்பதிவேடும் இந்த இடத்தில் நேரெதிர். சம்பளப் பதிவில் இன்றைய பெயர் இருந்தால் போதும். பணிப்பதிவேடு உங்கள் முழுப் பணிக்கால வரலாறு. அதில் பழைய பெயரை வெள்ளை பூசி மறைப்பதோ, முதல் பக்கத்தைக் கிழித்துப் புதிதாக எழுதுவதோ தவறு. நியமன ஆணை, கல்விச் சான்றிதழ்கள், பழைய பதவி உயர்வு ஆணைகள் எல்லாம் பழைய பெயரில்தான் இருக்கின்றன, இனியும் அப்படியே இருக்கும். பதிவேட்டில் பழைய பெயர் காணாமல் போனால் அந்த ஆணைகளெல்லாம் யாருடையவை என்று ஓய்வூதியக் கணக்குப் போடுகிறவர் கேட்பார்.

சரியான பதிவு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

> 'எஸ். மீனா' என்ற பெயர், ஆணை எண் ……, நாள் …… இன்படி, மே 12 முதல் 'மீனா ராகவன்' என மாற்றப்பட்டது. (ஒப்பம், பதவி, நாள், முத்திரை)

ஆணை எண், நடைமுறைக்கு வரும் நாள், அதிகாரம் உள்ளவரின் ஒப்பம் மூன்றும் இருக்க வேண்டும். முதல் பக்கத்தில் பழைய பெயரின் மேல் ஒற்றைக்கோடு இட்டு, மேலே புதுப் பெயரை எழுதி, அருகில் சுருக்கொப்பம் இடலாம். பழைய எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும். மண நிலைக்குத் தனி வரி, அதில் தேதி மார்ச் 10. இரண்டையும் ஒரே வரியில் மே 12 என்று எழுதிவிட்டால், மார்ச்சுக்கும் மேக்கும் இடையே கணவருக்காகக் கொடுத்த மருத்துவச் செலவுக் கோரிக்கை ஒன்று தணிக்கையில் மறுக்கப்படலாம். அப்போது நீங்கள் திருமணமாகாதவர் என்று பதிவேடு சொல்லும்.

மின்னணுப் பதிவேடாக இருந்தாலும் இதே விதிதான். நடைமுறை நாள் என்ற கட்டம் அதில் இருக்கும். யாரும் தொடாவிட்டால் தட்டச்சு செய்த நாளையே அது எடுத்துக்கொள்ளும். சேமித்த பிறகு திரையில் வரலாறு பகுதியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மார்ச் 10-க்கு ஒரு வரி, மே 12-க்கு ஒரு வரி தெரிய வேண்டும்.

மணமுறிவிலும் துணைவரின் மறைவிலும் இதே முறைதான், தேதிகளும் ஆவணங்களும் மட்டும் வேறு. அங்கேயும் மண நிலை மாற்றத்தையும், காப்பீட்டிலிருந்து துணைவரை நீக்குவதையும், நாமினி மாற்றத்தையும் முதலில் முடித்துவிட்டு, பெயரைப் பழையபடி மாற்றுவதா வேண்டாமா என்பதை நிதானமாக முடிவு செய்யலாம். அந்த முடிவுக்குக் கெடு கிடையாது.

மாற்றம் முடிந்த பிறகு

பெயர் மாறிய பின் வரும் முதல் இரண்டு சம்பளச் சீட்டுகளையும் வரி வரியாகப் பாருங்கள். முதல் மாதம் பெயரும், இரண்டாவது மாதம் சேமநிதி வரவும் சரியா என்று தெரிந்துவிடும். சேமநிதிக் கணக்கில் பெயர் மாறாமல் இருந்தால் பணம் வந்துகொண்டேதான் இருக்கும், எடுக்கப் போகும்போதுதான் தடை வரும். அதனால் அங்கே நீங்களே உள்நுழைந்து பார்ப்பது நல்லது. புதிய காப்பீட்டு அட்டையில் உங்கள் பெயர், துணைவர் பெயர், இருவரின் பிறந்த தேதி, காப்பீடு தொடங்கும் நாள் ஆகிய நான்கையும் சரிபாருங்கள். பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறிப் பதிவாவது அடிக்கடி நடக்கிறது.

நாமினி படிவங்களுக்குப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை, பணிப்பதிவேட்டுப் பக்கத்தின் சான்றொப்பமிட்ட நகல், இரண்டு விண்ணப்பங்களின் முத்திரையிட்ட நகல், இணைப்பு ஆவணம் எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள். துணைவருக்கும் அந்த உறை இருக்கும் இடம் தெரிய வேண்டும், ஏனென்றால் நாமினி படிவத்தின் ஒப்புகையை ஒருநாள் தேடப் போகிறவர் அவர்தான்.